ஒன்றும் அல்ல, பூஜ்யமும் அல்ல: ஆறு கட்டங்களின் கதை

மளிகைக் கடையின் எடை இயந்திரம், பெட்ரோல் பங்கின் மீட்டர், லிஃப்டின் மாடி எண் என்று பல இடங்களில் எண்கள் ஏழு ஒளிக்கோடுகளால் ஆனவையாகவே இருக்கின்றன. எட்டு எழுத ஏழு கோடுகளும் எரிய வேண்டும். ஒன்று எழுத வலப்பக்கத்து இரண்டு போதும். மேல் கோட்டுக்கு a என்று பெயர். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் வலது மேல் b, வலது கீழ் c, அடிக்கோடு d, இடது கீழ் e, இடது மேல் f. நடுக்கோடு g.

இந்தக் கோடுகளுக்கு எண்கள் தெரியாது. பின்னாலிருந்து நான்கு கம்பிகள் வருகின்றன. ஒவ்வொரு கம்பியிலும் மின்னழுத்தம் உண்டு அல்லது இல்லை; அதாவது 1 அல்லது 0. அவற்றுக்கு A, B, C, D என்று பெயரிட்டு, முறையே 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுப்போம். ஐந்தைச் சொல்ல 0101 வரும், அதாவது நான்கும் ஒன்றும். ஒன்பதைச் சொல்ல 1001 வரும். நான்கு கம்பிகளின் செய்தியைப் படித்து, எந்தக் கோடு எரியவேண்டும் என்று தீர்மானிக்கும் சுற்றுக்கு டிகோடர் என்று பெயர். ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக ஒரு விதி வேண்டும். அந்த விதியை எவ்வளவு சுருக்கமாக எழுதலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. சுருக்கத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது அதிலிருந்தே பிறக்கும் இரண்டாவது கேள்வி.

ஒரே ஒரு கோடு

இடது கீழ்க் கோடான e-ஐ எடுத்துக்கொள்வோம். 0, 2, 6, 8 ஆகிய நான்கு எண்களுக்கு மட்டுமே அது எரிகிறது. மற்ற ஆறு எண்களுக்கும் அணைந்திருக்கிறது. இதை அப்படியே விதியாக எழுதலாம். ஓர் எழுத்தின் மேல் ' என்ற குறி இருந்தால் அந்தக் கம்பி 0 ஆக இருக்கவேண்டும் என்று பொருள். எழுத்துகள் ஒட்டி நின்றால் எல்லா நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். நடுவே + வந்தால் ஏதாவது ஒன்று நிறைவேறினால் போதும்.

```
e = A'B'C'D' + A'B'CD' + A'BCD' + AB'C'D'
```

முதல் உறுப்பு 0-க்கு, அடுத்தது 2-க்கு, பிறகு 6-க்கு, கடைசியாக 8-க்கு. விதி சரிதான். ஆனால் இதில் பதினாறு எழுத்துகள் இருக்கின்றன. சுற்றில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேட்டுக்குள் நுழையும் ஓர் இணைப்பு. நான்கு ஆண்ட் கேட்டுகள், அவற்றைச் சேர்க்க ஓர் ஆர் கேட் என்று சுற்று பெருக்கிறது. இது ஏழு கோடுகளில் ஒன்றுக்கு மட்டும்.

சுருக்குவதற்கு ஒரே ஓர் உண்மை போதும். இரண்டு உறுப்புகள் ஒரே ஓர் எழுத்தில் மட்டும் மாறுபட்டால், அந்த எழுத்து தேவையற்றது. இரண்டுக்கு A'B'CD', ஆறுக்கு A'BCD'. B இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும். அப்படியானால் B-ஐக் கேட்கவே வேண்டாம்; A'CD' என்று எழுதிவிடலாம். எட்டு எழுத்துகள் மூன்றாகிவிட்டன.

தனித்தனியாகப் பார்க்கும்போது இது எளிது. உறுப்புகள் பத்துப் பன்னிரண்டு ஆகும்போது, எது எதோடு ஓரெழுத்து வித்தியாசத்தில் இருக்கிறது என்பதை நீளமான சூத்திரத்துக்குள் கண் தேடிப் பிடிக்க முடியாது. ஒரு ஜோடியைத் தவறவிட்டாலும் விடை தவறாகாது, வீணாகப் பெரிதாகும். அதனால் தவறவிட்டது தெரியவே தெரியாது.

பக்கத்துக் கட்டம்

1930-களின் இறுதியில் கிளாட் ஷானன், ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதத்தைக் கொண்டு ரிலே சுற்றுகளை எழுதலாம் என்று எம்.ஐ.டி.யில் காட்டியிருந்தார். அதன்பிறகு சுற்றைச் சுருக்குவது என்பது சூத்திரத்தைச் சுருக்குவது என்றாகிவிட்டது. 1952-இல் எட்வர்ட் வீச் சூத்திரத்தைக் கட்டங்களாக வரைந்து காட்டும் ஒரு முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த இயற்பியலாளர் மாரிஸ் கார்னோ அந்தக் கட்டங்களின் வரிசையை மாற்றி அமைத்தார். கல்லூரிகளில் கே-மேப் என்று சொல்லப்படும் கார்னோ வரைபடம் அதுதான்.

மாற்றம் சிறியது. நான்கு மாறிகளுக்குப் பதினாறு சேர்க்கைகள். ஆகவே நான்குக்கு நான்கு கட்டங்கள். வரிசைகளை AB-யின் மதிப்பும், நெடுவரிசைகளை CD-யின் மதிப்பும் குறிக்கும். அவற்றை எண் வரிசைப்படி 00, 01, 10, 11 என்று எழுதாமல் 00, 01, 11, 10 என்று எழுதினார் கார்னோ. ஒவ்வொரு கட்டத்திலும் வரும் எண்ணை எழுதிப் பார்த்தால் வரைபடம் இப்படி இருக்கும்.

```
        CD
        00   01   11   10
AB 00    0    1    3    2
   01    4    5    7    6
   11   12   13   15   14
   10    8    9   11   10
```

இந்த வரிசையில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தால் ஒரே ஒரு பிட் மட்டும் மாறும். எண் வரிசைப்படி எழுதியிருந்தால் 01-க்குப் பக்கத்தில் 10 வந்திருக்கும். அங்கே இரண்டு பிட்டுகள் மாறும். கார்னோவின் வரிசையில் பக்கத்தில் இருப்பதும் ஓரெழுத்து வித்தியாசத்தில் இருப்பதும் ஒன்றேதான். ஆகவே சூத்திரத்துக்குள் தேடிய ஜோடி இப்போது கண்ணுக்கு எதிரே அடுத்தடுத்து நிற்கிறது.

கடைசி நெடுவரிசை 10, முதல் நெடுவரிசை 00. இவையும் ஒரு பிட்டில் மட்டுமே மாறுபடுகின்றன. மேல் வரிசையும் கீழ் வரிசையும் அப்படியே. எனவே வலது விளிம்பு இடது விளிம்போடும், மேல் விளிம்பு கீழ் விளிம்போடும் ஒட்டியிருப்பதாகக் கொள்ளவேண்டும். தாளில் தூரத்தில் தெரியும் நான்கு மூலைகளும் உண்மையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. வரைபடத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த நான்கு மூலைகளைத்தான்.

வளையம் போடும் விதி

கோடு எரியவேண்டிய கட்டங்களில் 1 இடுகிறோம். பிறகு ஒட்டியிருக்கும் 1-களைச் சுற்றி வளையம் போடுகிறோம். வளையத்துக்குள் 1, 2, 4, 8 அல்லது 16 கட்டங்கள் இருக்கலாம். மூன்றோ ஆறோ கூடாது. வடிவம் சதுரமாகவோ செவ்வகமாகவோ இருக்கவேண்டும். குறுக்காக ஒட்டியவை சேராது. வளையம் இரு மடங்காகும்போதெல்லாம் ஓர் எழுத்து உதிரும். தனிக் கட்டத்துக்கு நான்கு எழுத்துகள், இரண்டுக்கு மூன்று, நான்குக்கு இரண்டு, எட்டுக்கு ஒன்று. வளையத்தின் அளவும் எழுத்துகளின் எண்ணிக்கையும் இந்தக் கணக்கோடு பொருந்தாவிட்டால், எங்கோ பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

எந்த எழுத்து மிஞ்சும்? வளையத்துக்குள் எங்கு நின்று பார்த்தாலும் எந்த மாறி மாறாமல் இருக்கிறதோ அதுவே மிஞ்சும். மாறுவது உதிரும்.

எங்கே தொடங்குவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. கண்ணில் பட்ட பெரிய வளையத்தை முதலில் போடக்கூடாது. ஒவ்வொரு 1-ஐயும் பார்த்து, அதை மூடக்கூடிய மிகப் பெரிய வளையம் எது, அது ஒன்றுதானா, வேறும் உண்டா என்று கேட்கவேண்டும். ஒரே ஒரு வழி மட்டும் இருக்கும் 1-களின் வளையங்களைத் தவிர்க்கவே முடியாது. அவற்றை முதலில் போட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அவற்றிலேயே வேலை முடிந்துவிடும். மிஞ்சியதற்கு மட்டும் தேர்வு தேவைப்படும்.

இந்த முறையில் e-யைச் சுருக்கினால், 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து A'CD'. 0-ஐயும் 8-ஐயும், அதாவது மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சேர்த்து B'C'D'. பதினாறு எழுத்துகள் ஆறாகிவிட்டன. ஆனால் இன்னும் முடியவில்லை. பத்து எண்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். வரைபடத்தில் கட்டங்கள் பதினாறு.

ஆறு X-கள்

நான்கு கம்பிகளில் 10 முதல் 15 வரையும் எழுத முடியும். ஆனால் நமக்கு வருவது ஒற்றை இலக்கங்கள் மட்டுமே. 1010, 1011, 1100, 1101, 1110, 1111 ஆகிய ஆறும் வரப்போவதில்லை என்றால், அவை வந்தால் கோடு எரியவேண்டுமா அணையவேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேவையில்லை. அந்தக் கட்டங்களில் 1-உம் போடாமல் 0-உம் போடாமல் X என்று எழுதுகிறோம். இதையே டோன்ட் கேர் நிலை என்கிறார்கள்.

```
        CD
        00   01   11   10
AB 00    1    0    0    1
   01    0    0    0    1
   11    X    X    X    X
   10    1    0    X    X
```

X-ஐப் பயன்படுத்தும் விதி இது: வளையத்தைப் பெரிதாக்க உதவினால் X-ஐ 1 என்று எண்ணி உள்ளே சேர்த்துக்கொள்ளலாம், உதவாவிட்டால் 0 என்று விட்டுவிடலாம். ஒரு X-ஐச் சேர்த்ததால் மற்ற X-களையும் சேர்க்கவேண்டிய கட்டாயமில்லை. X-ஐ மூடுவதற்காகவே ஒரு வளையம் போடுவது வீண். 1 ஒவ்வொன்றும் கட்டாயம் மூடப்படவேண்டும், X எதுவும் கட்டாயமில்லை.

இப்போது 6-ஐப் பாருங்கள். அதன் நெடுவரிசை முழுவதும் 1, 1, X, X. நான்கையும் ஒரே வளையத்தில் சேர்க்கலாம். அங்கே A மாறுகிறது, B மாறுகிறது. C எப்போதும் 1, D எப்போதும் 0. ஆகவே CD'. அடுத்து 0. அது நிற்கும் மூலையோடு 2-இன் மூலை, 8-இன் மூலை, X இருக்கும் 10-இன் மூலை. நான்கு மூலைகளும் ஒரு வளையம். அங்கே B எப்போதும் 0, D எப்போதும் 0. ஆகவே B'D'.

```
e = CD' + B'D'
```

பதினாறு எழுத்துகளில் தொடங்கி ஆறுக்கு வந்து, இப்போது நான்கில் நிற்கிறோம். இரண்டிலும் D' பொதுவாக இருப்பதால் D'(B' + C) என்று மூன்றெழுத்திலும் எழுதலாம். அதைவிடக் கவனிக்கத்தக்கது, A காணாமல் போய்விட்டது. எட்டின் கம்பியை e கோட்டின் சுற்றுக்கு இழுக்கவே தேவையில்லை. சரிபார்ப்பதும் எளிது: 0 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணையும் விதியில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். D' இருப்பதால் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் அணைந்துவிடுகின்றன. இரட்டைப்படையில் 4-க்கு மட்டும் B உண்டு, C இல்லை. ஆகவே அதுவும் அணைகிறது. மிஞ்சுவது 0, 2, 6, 8.

மேல் கோடான a-யில் X-களின் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்றும் நான்கும் தவிர எல்லா எண்களுக்கும் அது எரியவேண்டும்.

```
        CD
        00   01   11   10
AB 00    1    0    1    1
   01    0    1    1    1
   11    X    X    X    X
   10    1    1    X    X
```

கீழ் இரண்டு வரிசைகளில் 0 ஒன்றுகூட இல்லை. எட்டுக் கட்டங்களையும் ஒரே வளையமாக்கினால் விதி A என்ற ஓர் எழுத்து. வலது இரண்டு நெடுவரிசைகளும் அப்படியே, C. ஐந்து மட்டும் தனியே நிற்கிறது. அதை 7, 13, 15 ஆகியவற்றோடு சேர்த்து நடுச் சதுரமாக்கினால் BD. பூஜ்யத்துக்கு நான்கு மூலைகள், B'D'.

```
a = A + C + BD + B'D'
```

ஆறெழுத்துகள். X-களை எல்லாம் 0 என்று வைத்திருந்தால் இதே கோட்டுக்குப் பதினோரு எழுத்துகள் தேவைப்பட்டிருக்கும். ஏழு கோடுகளுக்கும் இப்படிச் செய்தால் டிகோடர் கணிசமாகச் சுருங்கும். B'D' என்ற உறுப்பு a-க்கும் e-க்கும் பொதுவாக இருக்கிறது. அதற்கு ஒரு கேட் செய்து இரண்டுக்கும் பயன்படுத்தலாம். அடிக்கோடான d-க்கும் அதே உறுப்பு வரும். வரைபடம் இந்தப் பகிர்வைத் தானாகக் காட்டாது. ஒவ்வொரு வரைபடமும் ஒரு கோட்டை மட்டுமே அறியும். பொதுவானவற்றைச் செய்பவர்தான் பார்த்து எடுக்கவேண்டும்.

X-கள் எங்கே போயின?

பாடப்புத்தகங்களில் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சுற்றைக் கட்டி முடித்தபின் X என்று எதுவும் இல்லை. e-யின் வரைபடத்தில் 10-ஐயும் 14-ஐயும் வளையத்துக்குள் இழுத்தோம். அந்த நொடியில் அவை 1 ஆகிவிட்டன. 11, 12, 13, 15 ஆகியவற்றை வெளியே விட்டோம். அவை 0 ஆகிவிட்டன. அந்த ஆறு எண்களுக்கும் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானித்துவிட்டோம், அதைக் கவனிக்காமலே.

ஏழு கோடுகளையும் இப்படிச் சுருக்கினால் கிடைக்கும் விதிகள் இவை. ஆறுக்கு மேல் கோடும், ஒன்பதுக்கு அடிக்கோடும் உண்டு என்று கொண்டிருக்கிறேன்.

```
a = A + C + BD + B'D'
b = B' + C'D' + CD
c = B + C' + D
d = A + B'D' + B'C + CD' + BC'D
e = CD' + B'D'
f = A + C'D' + BC' + BD'
g = A + B'C + BC' + CD'
```

இப்போது வரக்கூடாத எண்களை ஒவ்வொன்றாக இந்த விதிகளில் போட்டுப் பார்ப்போம். பதினான்கு, அதாவது 1110 வந்தால் b மட்டும் அணைகிறது. மற்ற ஆறும் எரிகின்றன. திரையில் தெரிவது குறையில்லாத 6. பதின்மூன்று வந்தால் b-உம் e-உம் அணைகின்றன, தெரிவது 5. பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து ஆகிய மூன்றுக்கும் e மட்டும் அணைகிறது, தெரிவது 9. பத்து ஒன்றுதான் காட்டிக்கொடுக்கிறது. அங்கே c மட்டும் அணைந்து, வலது கீழ் ஓரம் உடைந்த எட்டாக விநோதமாக ஒன்று தெரிகிறது.

வரக்கூடாத ஆறு செய்திகளில் ஐந்துக்கு இந்தச் சுற்று நம்பும்படியான ஓர் எண்ணைக் காட்டுகிறது. பார்ப்பவருக்குச் சந்தேகம் எழ வழியே இல்லை.

சரி, அவை வரவே போவதில்லையே? எண்ணும் சுற்று நல்ல நிலையில் இருக்கும்வரை வராது. ஆனால் மின்சாரம் வந்தவுடன் எண்ணியின் ஃப்ளிப் ஃப்ளாப்புகள் எந்த நிலையில் விழித்தெழும் என்பது, அதை வலிந்து பூஜ்யமாக்காவிட்டால், உறுதியில்லை. கம்பியும் கழன்றுபோகலாம். பழைய டிடிஎல் வகைச் சில்லுகளில் எதனோடும் இணைக்கப்படாத உள்ளீடு 1 போலவே நடந்துகொள்ளும். A கம்பி கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வரும் எண்ணோடு எப்போதும் எட்டு சேர்ந்துகொள்ளும். 0 வந்தால் 8 தெரியும், 1 வந்தால் 9. மூன்றும் நான்கும் ஏழும் முறையே 11, 12, 15 ஆகி 9 என்றே தெரியும். ஐந்து 13 ஆகி 5 என்றும், ஆறு 14 ஆகி 6 என்றும் சரியாகவே தெரியும். எட்டும் ஒன்பதும் சரி. இரண்டு வரும்போது மட்டும் உடைந்த எட்டு தலைகாட்டும். பழுதுபார்ப்பவர் 5, 6, 8, 9 ஆகியவற்றை மட்டும் சோதித்தால் சுற்று நன்றாக இருக்கிறது என்று கையெழுத்திட்டுவிடுவார். 0 முதல் 9 வரை பத்தையும் ஓட்டிப் பார்ப்பவரிடம்தான் அது சிக்கும்.

ஆகவே X என்பது உள்ளீட்டைப் பற்றிய வாக்குறுதி. அந்தச் செய்தி ஒருபோதும் வராது என்று யாரோ பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்று நம்பித்தான் எழுத்துகளை உதிர்க்கிறோம். வாக்குறுதி காப்பாற்றப்படும்வரை மிச்சம் முழுவதும் லாபம். அது மீறப்பட்டால், அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்தே உதிர்த்துவிட்டோம்.

சந்தைக்கு வந்த விடைகள்

இதே வேலையைச் செய்யும் உண்மையான சில்லுகள் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. பல தலைமுறை மாணவர்கள் கையாண்ட 7447 என்ற டிகோடரில் 10 முதல் 14 வரை கொடுத்தால் எண்களாகப் படிக்க முடியாத விநோத வடிவங்கள் தெரியும். 15 கொடுத்தால் எல்லாக் கோடுகளும் அணையும். அந்த வடிவங்கள் அதன் தகவல் தாளிலேயே வரைந்து காட்டப்பட்டிருக்கின்றன. 4511 என்ற சில்லு கண்டிப்பானது. 9-ஐத் தாண்டிய எந்தச் செய்திக்கும் அது திரையை முழுக்க அணைத்துவிடும்.

எண்களைக் காட்டும் சில்லோடு இது நிற்பதில்லை. 1975-இல் வெளிவந்த 6502 என்ற நுண்செயலி ஆப்பிள் 2 போன்ற கணினிகளை இயக்கியது. எட்டு பிட் கட்டளைக் குறியீட்டில் 256 சேர்க்கைகள் உண்டு. அதன் கையேடு 151-ஐ மட்டுமே வரையறுத்தது. மிச்சம் 105-க்கு என்ன செய்யவேண்டும் என்று சுற்றில் தனியாக எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. ஆனால் சுற்று ஏதோ ஒன்றைச் செய்தாகவேண்டும். நினைவகத்திலிருந்து A என்ற பதிவகத்தில் எண்ணை ஏற்றும் ஒரு கட்டளை A5. அதே எண்ணை X என்ற பதிவகத்தில் ஏற்றுவது A6. கடைசி இரண்டு பிட்டுகள் முதலாவதில் 01, இரண்டாவதில் 10. வரையறுக்கப்படாத A7-இல் அவை 11. அந்தக் குறியீட்டைக் கொடுத்தால் இரண்டு பதிவகங்களிலும் ஒரே நேரத்தில் எண் ஏறியது. நிரலாளர்கள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தவும் செய்தார்கள். வரையறுக்கப்படாத வேறு சில குறியீடுகளோ செயலியை அப்படியே உறைய வைத்தன. ரீசெட் செய்தால்தான் மீளும். பின்னால் வந்த 65C02-இல் அப்படி மிஞ்சிய குறியீடுகள் எல்லாவற்றையும் எதுவும் செய்யாத கட்டளைகளாக மாற்றினார்கள்.

இரண்டு உறுப்புகளில் ஒரு காவல்

அப்படியானால் X-களைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் 0 என்று வைத்துவிடலாமா? வைக்கலாம். அப்போது e-க்கு நான்கு எழுத்துகளுக்குப் பதில் ஆறும், a-க்கு ஆறுக்குப் பதில் பதினொன்றும் ஆகும். ஏழு கோடுகளிலும் அந்தச் செலவு ஏறும். அதைவிடச் சிக்கனமான வழியை வரைபடமே காட்டுகிறது. X இருந்த ஆறு கட்டங்களில் மட்டும் 1 போட்டு, மற்றப் பத்திலும் 0 போட்டு, எட்டாவது வரைபடம் ஒன்றை வரையுங்கள்.

```
        CD
        00   01   11   10
AB 00    0    0    0    0
   01    0    0    0    0
   11    1    1    1    1
   10    0    0    1    1
```

மூன்றாவது வரிசை முழுவதும் ஒரு வளையம், AB. வலது கீழ்ச் சதுரம் இன்னொன்று, AC.

```
தவறு = AB + AC
```

எட்டோடு நான்கோ இரண்டோ சேர்ந்தால் ஒற்றை இலக்கம் இல்லை. விதி சொல்வது அவ்வளவுதான். இந்த ஒரு சமிக்ஞையைக் கொண்டு திரை முழுவதையும் அணைத்துவிட்டால், ஏழு கோடுகளும் X-களால் சுருங்கிய வடிவிலேயே இருக்கலாம். திரையை ஒருசேர அணைக்க டிகோடர் சில்லுகளில் தனி உள்ளீடு ஏற்கனவே உண்டு. கழன்ற கம்பியோடு 3 வந்தால் இப்போது 9 தெரியாது. திரை இருண்டு நிற்கும். காவல் முழுமையானது அல்ல: 0 வந்து 8 ஆகவும், 1 வந்து 9 ஆகவும் தெரிவதை இது பிடிக்காது, ஏனென்றால் அவை வரக்கூடிய எண்கள்தான். ஆனால் 2 முதல் 7 வரை எந்த எண் வந்தாலும் பழுது வெளிப்பட்டுவிடும்.

ஐந்தாவது மாறிக்குப் பிறகு

கண்ணால் வளையம் போடும் இந்த முறைக்கு எல்லை உண்டு. ஐந்து மாறிகளுக்கு முப்பத்திரண்டு கட்டங்கள். இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் கற்பனை செய்யவேண்டும். ஆறுக்கு அறுபத்து நான்கு. அதற்குமேல் பக்கத்துக் கட்டம் என்பதே கண்ணுக்குப் பிடிபடாது. குவைன் தொடங்கிவைத்ததை மெக்ளஸ்கி 1956-இல் அட்டவணை முறையாக வளர்த்தார். அதைக் கணினியிடம் கொடுக்கலாம். இன்று சில்லு வடிவமைப்பவர்கள் சுற்றை வெரிலாக் போன்ற மொழியில் எழுதுகிறார்கள். சுருக்கும் வேலையை மென்பொருள் செய்கிறது.

ஆனால் X-ஐ எங்கே போடுவது என்ற முடிவு இன்னும் எழுதுபவரிடமே இருக்கிறது. பத்து எண்களுக்கும் விதி எழுதியபின், மிஞ்சிய ஆறுக்கும் அவர் ஒரு வரி எழுதியாகவேண்டும். அந்த வரி இரண்டு விதமாக அமையலாம்.

```
default: seg = 7'bxxxxxxx;
default: seg = 7'b0000000;
```

முதல் வரியில் ஆறு கட்டங்களையும் உன் வசதிப்படி எடுத்துக்கொள் என்று மென்பொருளுக்கு அனுமதி கொடுக்கிறோம், சுற்று சிறிதாகும். இரண்டாவதில் அணைத்துவிடு என்று கட்டளையிடுகிறோம். சுற்று கொஞ்சம் பெரிதாகும். எது சரி என்பதை அந்த வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நான்கு கம்பிகளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அதே சில்லுக்குள், ரீசெட் ஆனவுடன் பூஜ்யத்தில் தொடங்கி ஒன்பதோடு திரும்பும் ஓர் எண்ணி இருந்தால், முதல் வரியைத் தயங்காமல் எழுதலாம். மறுமுனை கேபிள் வழியாக வேறொரு பலகைக்குப் போகிறது என்றால், அங்கிருந்து என்ன வரும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. இரண்டாவது வரிதான் சரி. கே-மேப்பில் X எழுதும் மாணவர் அதன் பக்கத்திலேயே, இது ஏன் வராது என்று ஒரு வரி எழுதிவைக்கட்டும். அப்படி எழுத முடியாத கட்டத்தில் X போடக்கூடாது.